எஸ்ஐபி பணம் போய்விட்டது, யூனிட் வரவில்லை: பதறுவதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

மாதத்தின் 5, 10, 15 தேதிகளை ஒட்டி எனக்கு வரும் அழைப்புகளில் பாதி ஒரே விஷயத்துக்காகத்தான் இருக்கும். "தம்பி, காலையிலேயே பேங்க்ல பணம் எடுத்துட்டாங்க, மெசேஜ் வந்துருச்சு. ஆனா ஆப்ல யூனிட்டே ஏறலையே?" மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தராக இருப்பதால் எனக்கு இது பழகிப்போன கேள்வி, ஆனால் முதல் தவணை போட்டிருப்பவருக்கு அது பழகிய கேள்வி இல்லை. கணக்கிலிருந்து ஐயாயிரம் ரூபாய் போயிருக்கிறது, அதற்குப் பதிலாகக் கையில் எதுவும் காணோம், பயம் வரத்தான் செய்யும். நடுவில் என்ன நடக்கிறது, எத்தனை நாள் வரை காத்திருக்கலாம், அதற்கு மேல் யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

கணக்கில் பணம் பிடித்த நேரத்துக்கும் உங்களுக்கு யூனிட் கிடைக்கும் நாளுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. உங்கள் பணம் அந்த ஃபண்டின் வங்கிக் கணக்குக்குப் போய், அவர்கள் அதை எடுத்துப் பயன்படுத்தும் நிலைக்கு வந்த நாள் எதுவோ, அந்த நாளின் விலைதான் உங்களுக்கு. மற்றதெல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

ஒரு ஏப்ரல் மாதத்துத் தவணை

என்னிடம் கணக்கு வைத்திருக்கும் ஒரு பள்ளி ஆசிரியை நிஃப்டி 50 குறியீட்டு ஃபண்ட் ஒன்றில் மாதம் 5,000 ரூபாய் எஸ்ஐபி போடுகிறார். தேதி 10. 2025 ஏப்ரல் 10 வியாழக்கிழமை, மகாவீர் ஜெயந்தி, பங்குச் சந்தை விடுமுறை. அதனால் தவணை அடுத்த வேலைநாளான 11-ம் தேதி வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிப்போனது. அன்று காலை அவர் கணக்கிலிருந்து 5,000 பிடித்தார்கள். அவருடைய எஸ்ஐபி பங்குச் சந்தையின் தளம் வழியாகப் போவது, ஆகவே பணம் நேரே ஃபண்டுக்குப் போகாமல், சந்தையின் கொடுக்கல் வாங்கலைத் தீர்த்துவைக்கும் கிளியரிங் கார்ப்பரேஷனில் ஒரு முறை இறங்கி ஏறும். அங்கிருந்து ஃபண்டுக்குப் போவது அடுத்த வேலைநாளில்.

அந்த அடுத்த வேலைநாள் எது? 12 சனி, 13 ஞாயிறு, 14 திங்கள் அம்பேத்கர் ஜெயந்தி, நமக்குத் தமிழ்ப் புத்தாண்டும். ஆக 15-ம் தேதி செவ்வாய்க்கிழமைதான் ஃபண்டின் கணக்கில் பணம் ஏறியது, அன்றைய விலையில் யூனிட் ஒதுக்கினார்கள், 16-ம் தேதி புதன்கிழமை காலையில்தான் ஆப்பில் தெரிந்தது. பணம் போனதிலிருந்து ஐந்து நாள். நடுவில் மூன்று முறை டீச்சர் என்னைக் கூப்பிட்டுவிட்டார். ஆனால் வேலைநாள் கணக்கில் பார்த்தால் ஒரே ஒரு நாள்தான் தாமதம்.

இதில் அவருக்கு நட்டமா என்றால், அந்த முறை ஆமாம். வெள்ளிக்கிழமை நிஃப்டி 22,828-ல் முடிந்தது, செவ்வாய்க்கிழமை 23,328-ல். ஒரே வேலைநாளில் சுமார் 2.2 சதவீத ஏற்றம். ஃபண்டின் ஒரு யூனிட் விலை, அதாவது என்ஏவி, வெள்ளிக்கிழமை 200 ரூபாய் என்று எளிதாக வைத்துக்கொள்வோம், அப்படியானால் செவ்வாய்க்கிழமை அது ஏறக்குறைய 204.38. போட்ட 5,000-ல் முத்திரைத் தீர்வையாக 25 பைசா கழியும் (0.005 சதவீதம், 2020 ஜூலையிலிருந்து எல்லா வாங்கலுக்கும் உண்டு), மீதி 4,999.75. வெள்ளிக்கிழமை விலையில் கிடைத்திருக்க வேண்டியது 24.999 யூனிட், செவ்வாய்க்கிழமை விலையில் கிடைப்பது 24.463 யூனிட். வித்தியாசம் சுமார் 110 ரூபாய். சந்தை இறங்கியிருந்தால் இதே தாமதத்தில் அவருக்குக் கூடுதல் யூனிட் கிடைத்திருக்கும். பத்து வருடம் போடும் எஸ்ஐபியில் இந்த ஏற்ற இறக்கம் இரண்டு பக்கமும் வந்து போகும், ஒரு மாதத்து 110 ரூபாய்க்காகத் தூக்கம் கெட வேண்டாம் என்றுதான் டீச்சரிடமும் சொன்னேன். ஆனால் பணம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கு இருக்கிறது.

பணம் போகும் வழி

எஸ்ஐபி ஆரம்பிக்கும்போது ஒரு மேண்டேட்டுக்கு ஒப்புதல் கொடுத்திருப்பீர்கள். "என் கணக்கிலிருந்து இவ்வளவு வரை மாதாமாதம் பிடித்துக்கொள்ளலாம்" என்று உங்கள் வங்கிக்கு நீங்கள் கொடுக்கும் அனுமதி அது. இது வங்கிகளுக்கிடையே தானாகப் பணம் பிடிக்கும் முறையான நாச் வழியாகவும் இருக்கலாம், யுபிஐ ஆட்டோபே வழியாகவும் இருக்கலாம். தவணை நாளில் பணம் கேட்கும் பட்டியல் உங்கள் வங்கிக்கு வரும், வங்கி பிடித்துக் கொடுக்கும். இந்த இடத்தில்தான் உங்களுக்கு எஸ்எம்எஸ் வருகிறது. உங்களைப் பொறுத்தவரை வேலை முடிந்த மாதிரி இருக்கும், உண்மையில் அது தொடக்கம்தான்.

அதற்கப்புறம் இரண்டு வழி. ஃபண்ட் நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் நேரடியாக எஸ்ஐபி போட்டிருந்தால் பணம் பெரும்பாலும் அவர்களுடைய வசூல் கணக்குக்கே போகும், பிடித்த அன்றைய விலையே கிடைப்பதும் உண்டு. ஆப் அல்லது புரோக்கர் வழியாகப் போட்டிருந்தால் பணம் பெரும்பாலும் கிளியரிங் கார்ப்பரேஷன் வழியாகப் போகும். ஆப் நிறுவனம் உங்கள் பணத்தைத் தன் சொந்தக் கணக்கில் வாங்கி வைத்துக்கொள்வதை 2022 ஜூலை 1 முதல் செபி நிறுத்திவிட்டது. இது நமக்கு நல்ல ஏற்பாடு. உங்கள் வங்கிப் பதிவில் ஆப்பின் பெயருக்குப் பதிலாக இப்படி ஏதாவது இருந்தால் யாரோ தெரியாத கம்பெனி பணம் எடுத்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்:

```
ACH D- INDIAN CLEARING CORP
```

இது பிஎஸ்இ தளத்துக்கான கிளியரிங் கார்ப்பரேஷன். என்எஸ்இ தளம் என்றால் NSE Clearing என்ற பெயர் வரும். வங்கிக்கு வங்கி எழுதும் விதம் கொஞ்சம் மாறும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது பலரைக் குழப்புகிறது. 2021 ஆகஸ்ட் 1 முதல் நாச் வாரத்தின் ஏழு நாளும் ஓடுகிறது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை கூட உங்கள் கணக்கிலிருந்து பணம் பிடிக்க முடியும். ஆனால் ஃபண்டுக்கு ஞாயிறு வேலைநாள் கிடையாது, யூனிட் ஒதுக்க மாட்டார்கள். சனிக்கிழமை பணம் போய்த் திங்கட்கிழமை மாலை வரை ஒன்றும் காணவில்லை என்றால் அதில் தப்பு எதுவும் நடக்கவில்லை.

கட்-ஆஃப் நேரம் எதற்கு?

ஒரு ஃபண்டின் என்ஏவி நாளுக்கு ஒரு முறைதான் கணக்கிடப்படுகிறது. சந்தை முடிந்த பிறகு, ஃபண்டில் இருக்கும் பங்குகளின் அன்றைய முடிவு விலையை வைத்துக் கணக்குப் போட்டு இரவுக்குள் வெளியிடுவார்கள். அப்படியென்றால் சந்தை எப்படி முடிந்தது என்று பார்த்துவிட்டு மாலை ஐந்து மணிக்கு ஒருவர் வந்து "அன்றைய விலையில் கொடு" என்று கேட்டால், அவர் மற்ற முதலீட்டாளர்களின் பணத்திலிருந்து லாபம் எடுப்பது போலாகிவிடும். அதற்காகத்தான் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். பங்கு ஃபண்டுகளுக்கும் பெரும்பாலான கடன் ஃபண்டுகளுக்கும் அது பிற்பகல் 3 மணி.

இங்கே புதியவர்கள் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. "நான் 2:50-க்கே ஆர்டர் போட்டுவிட்டேன், பணமும் அனுப்பிவிட்டேன், ஏன் நாளைய விலை கொடுத்தார்கள்?" என்பார்கள். 3 மணிக்குள் நடக்க வேண்டியது இரண்டு. விண்ணப்பம் வந்து சேர வேண்டும், பணமும் ஃபண்டின் கணக்கில் பயன்படுத்தும் நிலையில் இருக்க வேண்டும். இரண்டில் எது கடைசியாக வருகிறதோ அதுதான் உங்கள் நாளைத் தீர்மானிக்கும். முன்பு இப்படி இல்லை. 2 லட்சம் ரூபாய்க்குக் கீழே போட்டால் விண்ணப்பம் நேரத்துக்கு வந்தாலே அன்றைய விலை கிடைத்தது, பணம் அப்புறம் வந்தாலும் பரவாயில்லை. 2021 பிப்ரவரி 1-லிருந்து அந்தச் சலுகை போய்விட்டது, 500 ரூபாய் போட்டாலும் பணம் வந்து சேர்ந்த நாள்தான். பழைய கட்டுரைகளையோ பழைய வீடியோக்களையோ பார்த்துவிட்டு "எஸ்ஐபி தேதியின் என்ஏவி கிடைக்கும்" என்று நினைப்பவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

எஸ்ஐபிக்கு இதை எப்படிப் பொருத்துவது? உங்கள் விண்ணப்பம் எப்போதோ பதிவாகிவிட்டது, அதில் தாமதம் இல்லை. பணம் மட்டும்தான் பாக்கி. பணம் ஃபண்டின் கணக்கில் செவ்வாய்க்கிழமை 2 மணிக்கு ஏறினால் செவ்வாய் விலை, 3:10-க்கு ஏறினால் புதன் விலை. உங்கள் கணக்கில் பணம் பிடித்தது காலை 6 மணியா 11 மணியா என்பது இதில் வரவே வராது. எஸ்ஐபி தேதியை ஒரு நாள் முன்னே பின்னே மாற்றி நல்ல விலையைப் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் அதற்காக நேரம் செலவழிக்காதீர்கள், பணம் எந்த நிமிடம் போய்ச் சேரும் என்பது உங்கள் கையில் இல்லை.

லிக்விட் ஃபண்டும் ஓவர்நைட் ஃபண்டும் மட்டும் தனி. அவற்றுக்கு வாங்குவதற்கான கோடு பிற்பகல் 1:30. அதற்குள் விண்ணப்பமும் பணமும் சேர்ந்துவிட்டால் முந்தைய நாளின் என்ஏவி கொடுப்பார்கள். பங்கு ஃபண்டில் எஸ்ஐபி போடுபவருக்கு இது தேவைப்படாது, 1:30 என்ற எண்ணை எங்காவது பார்த்துக் குழம்பாமல் இருக்கத்தான் சொன்னேன்.

சரி, இப்போது என்ன செய்ய வேண்டும்?

முதலில் நாள்காட்டியை எடுங்கள். பணம் பிடித்த நாளைச் சேர்க்காமல், அதற்கு அடுத்த நாளிலிருந்து மும்பையின் வங்கி, பங்குச் சந்தை வேலைநாட்களை மட்டும் எண்ணுங்கள். மும்பை என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பொங்கல் அன்று நம்மூரில் வங்கிகள் மூடியிருக்கும், சந்தை நடக்கும் வருடங்களில் ஃபண்டுக்கு அது வேலைநாள்தான். மகாராஷ்டிராவில் மட்டும் விடுமுறை வந்தால் நம் வங்கி திறந்திருந்தாலும் ஃபண்டுக்கு அது விடுமுறையாக இருக்கலாம். இப்படி எண்ணி மூன்று வேலைநாள் முடியும் வரை ஒன்றும் செய்ய வேண்டாம். என் அனுபவத்தில் பத்தில் ஒன்பது பேருக்கு இதற்குள் வந்துவிடுகிறது.

இந்த மூன்று நாளில் செய்யக் கூடாதது மூன்று உண்டு. "எஸ்ஐபி போகவில்லை போலிருக்கு" என்று நினைத்து அதே தொகையைக் கையால் இன்னொரு முறை போடாதீர்கள், இரண்டும் ஏறிவிடும். பதற்றத்தில் எஸ்ஐபியை ரத்து செய்யாதீர்கள், அது அடுத்த மாதத்தைத்தான் பாதிக்கும், போன பணத்தைத் திருப்பாது. வங்கியில் போய் "இந்தப் பிடித்தம் என் அனுமதி இல்லாமல் நடந்தது" என்று எழுதிக் கொடுக்காதீர்கள். அனுமதி நீங்கள் கொடுத்ததுதான், அந்தப் புகாரால் மேண்டேட் முடங்கிப்போய் நல்லபடி வந்துகொண்டிருந்த யூனிட்டும் சிக்கலாகிவிடும்.

மூன்று நாள் தாண்டிவிட்டதா? அப்படியானால் ஆப்பை மூடிவிட்டு, யூனிட் உண்மையிலேயே ஒதுக்கவில்லையா, அல்லது ஒதுக்கியும் உங்கள் கண்ணில் படவில்லையா என்று பாருங்கள். இது இரண்டாவது வேலை, பலர் இதைச் செய்யாமலே நேராகச் சண்டைக்குப் போய்விடுகிறார்கள். பெரும்பாலான ஃபண்டுகளின் கணக்குப் புத்தகத்தை கேம்ஸ் அல்லது கேஃபின்டெக் என்ற இரண்டு பதிவாளர்களில் ஒருவர்தான் வைத்திருக்கிறார். இருவரும் சேர்ந்து நடத்தும் எம்எஃப் சென்ட்ரல் தளத்தில் (`mfcentral.com`) உங்கள் பான் எண்ணும் பதிவு செய்த மொபைலுக்கு வரும் ஓடிபியும் கொடுத்தால், ஒவ்வொரு ஃபண்ட் நிறுவனத்திலும் உங்களுக்கு இருக்கும் கணக்கு, அதாவது ஃபோலியோ, எல்லாம் ஒரே இடத்தில் தெரியும். யூனிட் வேறு ஃபோலியோவில் போய் உட்கார்ந்திருப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஏற்கெனவே அதே ஃபண்டில் ஒரு ஃபோலியோ வைத்திருந்து, ஆப் புதிதாக ஒன்று திறந்திருக்கும். உறுதிச் செய்தி நீங்கள் இப்போது பார்க்காத பழைய மின்னஞ்சலுக்குப் போயிருக்கும். டீமேட் கணக்கில் வாங்குபவராக இருந்தால் அங்கேயும் பாருங்கள்.

அங்கே உங்கள் தவணை இருந்தால், அதற்கு எதிரே இருக்கும் தேதியைப் பார்க்க மறக்காதீர்கள். பதிவாளர் ஒரு நாள் தாமதமாகப் பதிவு செய்திருந்தாலும், பணம் 3 மணிக்குள் ஃபண்டுக்கு வந்த நாளின் என்ஏவிதான் உங்களுக்குப் போட்டிருக்க வேண்டும். யூனிட் கண்ணுக்குத் தெரிந்த நாளும் விலை எடுத்த நாளும் வேறு வேறாக இருக்கலாம். டீச்சருக்கு யூனிட் தெரிந்தது 16-ம் தேதி, ஆனால் அறிக்கையில் இருந்த தேதி 15, விலையும் 15-க்கு உரியது. ஒரு நாளின் என்ஏவியைச் சரிபார்க்க ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியின் தளம் `amfiindia.com`-ல் ஃபண்டைத் தேர்ந்தெடுத்து அந்தத் தேதியைப் போட்டால் போதும். உங்கள் தொகையில் தீர்வையைக் கழித்து அந்த என்ஏவியால் வகுத்தால் உங்கள் யூனிட் எண்ணிக்கை மூன்றாவது தசமம் வரை பொருந்த வேண்டும்.

அங்கேயும் இல்லை என்றால்

இப்போதுதான் உண்மையான விசாரணை. முதலில் உங்கள் வங்கிக் கணக்கை இன்னொரு முறை பாருங்கள், பிடித்த நாளை மட்டும் பார்த்துவிட்டு விடாமல் அதற்கப்புறம் வந்த நாட்களையும் சேர்த்து. பணம் திரும்ப வந்திருக்கலாம், அதற்குத் தனியாக எஸ்எம்எஸ் வராமல் போயிருக்கலாம். திரும்ப வந்திருந்தால் தவணை நிராகரிக்கப்பட்டது என்று அர்த்தம், ஏன் என்பதுதான் கேள்வி.

பணம் பிடித்த பிறகு தவணை நிராகரிக்கப்படுவதற்கு நான் அதிகம் பார்த்த காரணம் கேஒய்சி. 2024-ல் கேஒய்சி நிலைகளை மறுபடி சரிபார்த்தபோது, மொபைலோ மின்னஞ்சலோ உறுதிப்படுத்தாத பலருடைய நிலை நிறுத்திவைப்புக்குப் போனது. என்னிடம் வந்த ஒரு தம்பி, வேலைக்காகக் கோயம்புத்தூரில் இருப்பவர், 3,000 ரூபாய் போய் பன்னிரண்டு நாள் ஆகியும் யூனிட் இல்லை என்று ஆப்பின் உதவி மையத்தில் நான்கு முறை எழுதியிருந்தார். நான்கு முறையும் "உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது" என்றே பதில். கேஒய்சி பதிவுகளை வைத்திருக்கும் கேஆர்ஏ நிறுவனம் ஒன்றின் தளத்தில் அவருடைய பான் எண்ணைப் போட்டுப் பார்த்தால் நிலை `On Hold`. மேண்டேட் சரியாக இருந்ததால் வங்கி பணம் கொடுத்துவிட்டது, கேஒய்சி சரியில்லாததால் ஃபண்ட் பக்கம் ஆர்டர் நின்றுவிட்டது, பணம் நடுவில் கிடந்தது. கேட்ட பிறகு அவர் கணக்குக்கே பணம் திரும்பி வந்தது. ஆனால் கேஒய்சியைச் சரி செய்யும் வரை அடுத்த மாதமும் இதேதான் நடக்கும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை, அதுதான் எனக்குக் கோபம் வந்த இடம்.

அடுத்த காரணம் பிறர் கணக்கிலிருந்து பணம் போவது. மனைவி பெயரில் எஸ்ஐபி, பணம் கணவர் மட்டும் வைத்திருக்கும் கணக்கிலிருந்து. நம் வீடுகளில் இது இயல்பு, ஆனால் ஃபண்ட் இதை ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பது விதி. முதலீட்டாளரின் பெயர் அந்த வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். கூட்டுக் கணக்கு என்றால் பிரச்சினை இல்லை. இன்னொன்று, வெளிநாட்டுப் பங்குகளில் போடும் ஃபண்டுகள். இந்திய ஃபண்டுகள் எல்லாம் சேர்ந்து வெளிநாட்டில் போடும் தொகைக்கு உச்சவரம்பு இருப்பதால் அவை அவ்வப்போது புதுப் பணம் வாங்குவதை நிறுத்திவிடும்.

பணம் திரும்பியும் வரவில்லை, யூனிட்டும் இல்லை என்றால் உதவி மையத்துக்கு எழுதும்போது எல்லா விவரத்தையும் முதல் மடலிலேயே கொடுத்துவிடுங்கள். "என் யூனிட் எங்கே" என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். நான் எழுதிக் கொடுப்பது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"என் பான் எண் இது, ஃபோலியோ எண் இது, ஃபண்டின் பெயர் இது. இந்தத் தேதி, இவ்வளவு ரூபாய், வங்கியின் இந்தப் பதிவில் பிடிக்கப்பட்டது, மேண்டேட் எண் இது. யூனிட் ஒதுக்கப்படவில்லை, பணமும் திரும்பவில்லை. இந்தப் பணம் ஃபண்டின் கணக்கில் ஏறியதா? ஏறியிருந்தால் தேதியும் நேரமும் என்ன? ஏறவில்லை என்றால் இப்போது எங்கே இருக்கிறது? ஆர்டர் நிராகரிக்கப்பட்டிருந்தால் காரணம் என்ன, பணம் எந்தத் தேதியில் திரும்பும்?"

மேண்டேட் எண் என்பது யுஎம்ஆர்என், 20 எழுத்துகள் கொண்டது, உங்கள் நெட் பேங்கிங்கில் மேண்டேட் பட்டியலில் இருக்கும். யுபிஐ ஆட்டோபே என்றால் அந்தப் பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணைக் கொடுங்கள். வங்கிக் கணக்கு அறிக்கையின் அந்தப் பக்கத்தை பிடிஎஃப்பாக இணையுங்கள், எஸ்எம்எஸ்ஸின் படம் பல இடங்களில் போதாது. இதை ஆப்புக்கும் ஃபண்ட் நிறுவனத்துக்கும் ஒரே நேரத்தில் அனுப்புங்கள். ஆப் "ஃபண்டைக் கேளுங்கள்" என்றும் ஃபண்ட் "ஆப்பைக் கேளுங்கள்" என்றும் உங்களைப் பந்தாடுவது இதனால் குறையும், ஏனென்றால் ஃபண்ட் "எங்களுக்குப் பணமே வரவில்லை" என்று எழுத்தில் கொடுத்துவிட்டால் ஆப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

ஃபண்டின் பதிலில் பணம் ஏறிய தேதியும் நேரமும் வந்தால் அதை ஒதுக்கிய என்ஏவியோடு ஒப்பிடுங்கள். பணம் திங்கள் மதியம் 1 மணிக்கு ஏறியிருந்து புதன் விலை போட்டிருந்தால் அது அவர்கள் தவறு, திங்கள் விலைக்குத் திருத்தித் தரச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. பணமே புதன்கிழமைதான் ஏறியது என்றால் ஃபண்டின் மீது தவறு இல்லை, நடுவில் இருந்தவர்கள் ஏன் வைத்திருந்தார்கள் என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் பதிலாகவே இல்லை என்றால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் (`scores.sebi.gov.in`) புகார் பதிவு செய்யுங்கள். முதலில் நிறுவனத்திடம் எழுதியிருக்க வேண்டும், அந்த மடலை இங்கே இணைக்க வேண்டும், விஷயம் நடந்து ஒரு வருடத்துக்குள் செய்துவிட வேண்டும். நிறுவனம் 21 நாளுக்குள் பதில் தர வேண்டும், திருப்தி இல்லை என்றால் 15 நாளுக்குள் மறு ஆய்வு கேட்கலாம். எழுதத் தயக்கமாக இருப்பவர்கள் செபியின் கட்டணமில்லா எண் 1800 22 7575-க்குக் கூப்பிட்டு எப்படிப் பதிவது என்று கேட்கலாம். தவறு வங்கியுடையது என்றால், உதாரணமாக ஒரே தவணைக்கு இரண்டு முறை பிடித்துவிட்டார்கள் என்றால், முதலில் வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாள் கழித்தும் தீரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் தளம் `cms.rbi.org.in`. பங்குச் சந்தை விஷயம் என்று நினைத்து இதையும் செபியிடம் கொண்டுபோனால் வீணாக ஒரு மாதம் போகும்.

கோயம்புத்தூர் தம்பியின் விஷயத்தில் ஸ்கோர்ஸ் வரைக்கும் போக வேண்டியிருக்கவில்லை. மேலே இருக்கும் மடலைப் போட்ட நான்காவது நாள் பணம் வந்தது. அதற்கப்புறம் அவர் செய்தது இது: அடுத்த தவணைக்கு முன்பே அந்த மாதத்தை மட்டும் நிறுத்திவைத்தார், ஆதார் வழியாகக் கேஒய்சியைப் புதுப்பித்தார், கேஆர்ஏ தளத்தில் நிலை `Validated` என்று மாறிய பிறகுதான் எஸ்ஐபியைத் திரும்ப ஓடவிட்டார். முதல் தவணை போன நான்காவது நாள் ஃபோலியோ அறிக்கையை எனக்கு அனுப்பிவைத்தார். பிடித்த தேதி, என்ஏவி தேதி, யூனிட் எண்ணிக்கை மூன்றுக்கும் கீழே பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் தானே வகுத்துப் பார்த்த கணக்கையும் எழுதியிருந்தார்.